அலுவலகக் கடிதம், மின்னஞ்சல் கேள்விக்கு மார்க் போடறது எப்படி: அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் தருமபுரி மாவட்டத்துல பென்னாகரம் பக்கம் ஒரு அரசு பள்ளியில தமிழ் எடுக்கறேன். ரிவிஷன் பேப்பர் திருத்தற சமயத்துல புதுசா வந்த டீச்சருங்க கேக்கறது, பசங்க கேக்கறது, ஓபன் டே-ல அப்பா அம்மா வந்து கேக்கறது எல்லாத்தையும் இங்க ஒண்ணா போட்டிருக்கேன். பத்தாவது தமிழ்ல கடிதத்துக்கு 5 மார்க், ரெண்டு தலைப்புல ஒண்ணு எழுதினா போதும். பப்ளிக் எக்ஸாம்ல கீ எப்படி சொல்லுதோ அப்படித்தான் திருத்தணும், அதுல நம்ம இஷ்டம் எதுவும் கிடையாது. இங்க நான் சொல்றது ஸ்கூல்ல நாங்களே வைக்கிற டெஸ்ட், ரிவிஷன் பேப்பருக்கு நாங்க வச்சிருக்கற முறை.

ஃபார்மட் எல்லாம் கரெக்டா இருக்கு சார், அப்புறம் ஏன் 5 போடல?

ஃபார்மட்ங்கறது கவர் மாதிரி, உள்ள இருக்கற சேதிக்கு தனி மார்க் இருக்கு. அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, இடம், நாள், உறைமேல் முகவரி, இதெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து தலைப்பையே படிக்காம கூட எழுதிடலாம், நெறைய பேர் அப்படித்தான் எழுதறாங்க. அந்த கடிதம் வாங்கற அதிகாரி அதை படிச்சிட்டு நாளைக்கு காலைல எங்க போகணும், எதை சரி பண்ணணும்னு தெரிஞ்சுக்க முடியுமா, இதுதான் நான் முதல்ல பாக்கறது. முடியலைன்னா ஃபார்மட் எவ்வளவு அழகா இருந்தாலும் அது வந்த வேலையை முடிக்காத கடிதம்தான்.

அப்ப அந்த 5 மார்க்கை எப்படி பிரிக்கறீங்க?

அமைப்புக்கு ஒன்றரை, நோக்கத்துக்கு ரெண்டு, தொனிக்கு ஒண்ணு, மொழிக்கு அரை. எல்லாமே அரை அரையா போடறோம், கால் மார்க் கிடையாது, கால் மார்க் போட ஆரம்பிச்சா ரெண்டு டீச்சர் ஒரே மார்க்குக்கு வரவே முடியாது.

அமைப்புல மூணு அரை. அனுப்புநரும் பெறுநரும் முழு முகவரியோட இருந்தா ஒரு அரை. விளிப்பும் பொருளும் இருந்தா ஒரு அரை. கீழ இப்படிக்கு, இடம், நாள், உறைமேல் முகவரி எல்லாம் சேர்ந்து ஒரு அரை. ஒரு கட்டுல ஒண்ணு விட்டாலும் அந்த அரை போயிடும். கொஞ்சம் கறாரா தெரியும், ஆனா அதுக்கு மேல ஒரு பைசா கூட குறைக்க மாட்டோம், அதனால பையனுக்கு நஷ்டம் இல்ல.

நோக்கத்துல நாலு அரை. எங்க, எதுல பிரச்சனை. எப்ப இருந்து. யாருக்கு என்ன பாதிப்பு. என்ன செஞ்சு தரணும். முறையீடோ வேண்டுகோளோ எதுவா இருந்தாலும் இந்த நாலும் வேணும். தொனி பத்தி கீழ தனியா சொல்றேன்.

ஒரு பேப்பரை வச்சு காட்டுங்க, இப்படி பொதுவா சொன்னா புரியல

ரெண்டு பேப்பர் காட்டறேன், ரெண்டும் ஒரே கேள்விக்கு. நாங்க ரிவிஷன்ல வச்ச கேள்வி இது: "உங்கள் ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் குழாய் உடைந்ததால் குடிநீர் வரவில்லை. அதனைச் சரிசெய்து தருமாறு வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம் எழுதுக." எங்க பக்கத்து பசங்களுக்கு இது கற்பனையே பண்ண வேண்டியதில்ல, டேங்க்ல ஒகேனக்கல் தண்ணி வரலைன்னா குடத்தை எடுத்துக்கிட்டு எங்க போகணும்னு எல்லாருக்கும் தெரியும்.

முதல் பேப்பர். அனுப்புநர்ல இருந்து உறைமேல் முகவரி வரைக்கும் ஒண்ணு விடல, ஸ்கேல் வச்சு கட்டம் கூட போட்டிருந்தான். நடுவுல எழுதினது இவ்வளவுதான்:

"நீரின்றி அமையாது உலகு என்பர் சான்றோர். நீர் மனிதனுக்கு மிகவும் இன்றியமையாதது. எங்கள் ஊரில் குடிநீர்ப் பிரச்சனை உள்ளது. இதனால் மக்கள் மிகவும் துன்பப்படுகின்றனர். ஆகவே தாங்கள் இதற்குத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி."

ரெண்டாவது பேப்பர். இதுல பொருள் வரியே இல்ல, உறைமேல் முகவரியும் இல்ல. நடுவுல இருந்தது இது:

"எங்க ஊர் மாரியம்மன் கோயில் பக்கத்துல இருக்கற டேங்க்ல இருந்து கீழ வர்ற பைப்பு 10 நாளா உடைஞ்சு கிடக்குது. தண்ணி வராததால 60 வீட்டுக்காரங்களும் போர் தண்ணியத்தான் புடிக்கிறோம். அது உப்பா இருக்குது, சின்ன பிள்ளைங்களுக்கு பல்லு கறை ஆவுது. உடைஞ்ச பைப்பை மட்டும் மாத்தி குடுத்தா போதும் ஒகேனக்கல் தண்ணி வந்துரும். சீக்கிரம் மாத்தி குடுங்க சார்."

வழக்கமா என்ன நடக்கும்னா முதல் பேப்பருக்கு நாலரை இல்ல அஞ்சு, ரெண்டாவதுக்கு ரெண்டு. நானும் வேலைக்கு வந்த புதுசுல அப்படித்தான் போட்டேன். இப்ப எங்க முறைப்படி பாருங்க.

முதல் பேப்பருக்கு அமைப்பு ஒன்றரை முழுசா. நோக்கத்துல எந்த டேங்க்னு இல்ல, எப்ப இருந்துன்னு இல்ல, "துன்பப்படுகின்றனர்"ன்னா என்ன துன்பம்னு இல்ல. கடைசியில ஒரு கோரிக்கை மட்டும் இருக்கு, அதுவும் "தக்க நடவடிக்கை"ங்கற பொதுவான வார்த்தை, பெரிய மனசு பண்ணி அதுக்கு ஒரு அரை. தொனிக்கு ஒண்ணு, மொழிக்கு அரை. மொத்தம் மூன்றரை.

ரெண்டாவது பேப்பருக்கு அமைப்புல அனுப்புநர் பெறுநருக்கு மட்டும் அரை, மத்த ரெண்டு கட்டும் போச்சு. நோக்கத்துக்கு ரெண்டுக்கு ரெண்டு, நாலு கேள்விக்கும் பதில் இருக்கு. தொனி முழுக்க பேச்சு வழக்கு, ஆனா மரியாதை குறையல, அதனால அரை. மொழிக்கு அரை. இதுவும் மூன்றரை.

ரெண்டு பேரும் ஒரே மார்க், ஆனா பேப்பர் ஓரத்துல நான் எழுதினது வேற வேற. முதல் பையனுக்கு "எந்த தொட்டி? எத்தனை நாளாக?"ன்னு எழுதினேன். ரெண்டாவது பொண்ணுக்கு "பொருள் வரி, உறைமேல் முகவரி, எழுத்து வழக்கு"ன்னு எழுதினேன். இவளுக்கு ஃபார்மட்டை ரெண்டு நாள்ல சொல்லி குடுத்துடலாம். அவனை விவரமா எழுத வைக்கத்தான் ஒரு டெர்ம் ஆகும்.

இன்னொன்னு, அந்த பொண்ணு உப்பு தண்ணியால பல்லு கறை ஆகுதுன்னு எழுதியிருக்கா. பல்லுல கறை வர்றது ஃபுளோரைடால, அதுக்கும் உப்பு ருசிக்கும் சம்பந்தம் இல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே அதுக்குத்தான் வந்தது. அதை பக்கத்துல ஒரு வரியா எழுதி குடுத்தேன், மார்க் குறைக்கல. இது அறிவியல் பேப்பர் இல்ல, பாதிப்பை சொல்லியிருக்காளான்னு மட்டும்தான் நமக்கு கணக்கு.

அந்த ரெண்டாவது கடிதத்தை அஞ்சுக்கு அஞ்சு வாங்கற மாதிரி எப்படி எழுதணும்?

உப்புங்கறதை மட்டும் எடுத்துட்டு, அவ சொன்ன மத்த விஷயம் எதையும் மாத்த வேணாம், இப்படி:

"பொருள்: குடிநீர்த் தொட்டியின் உடைந்த குழாயை மாற்றித் தர வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் அருகிலுள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து கீழே வரும் குழாய் கடந்த பத்து நாள்களாக உடைந்துள்ளது. இதனால் ஒகேனக்கல் குடிநீர் வருவது நின்றுவிட்டது. அறுபது வீட்டினரும் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வருகிறோம். அந்த நீரால் சிறு குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. எனவே உடைந்த குழாயை விரைவில் மாற்றித் தந்து, குடிநீர் மீண்டும் கிடைக்க உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நாலஞ்சு வரிதான், இதுக்கு மேல நீட்ட தேவையில்ல. "இன்றியமையாதது", "அல்லல்"னு பெரிய வார்த்தை எதுவும் இல்லன்னு கவனிங்க, "வர்ற"வை "வரும்" ஆக்கி, "பைப்பு"வை "குழாய்" ஆக்கினதுக்கே தொனி நேராயிடுச்சு.

தொனி தொனின்னு சொல்றீங்க, மரியாதையா எழுதினா போதாதா?

மரியாதை ஒரு பங்குதான். நான் மூணு விஷயம் பாப்பேன். எழுத்து வழக்கு கடைசி வரைக்கும் நிக்குதா, மரியாதை அளவா இருக்கா, எழுதறவர் தன்னோட இடத்துல நின்னு கேக்கறாரா. மூணும் சரின்னா ஒண்ணு, ஒண்ணுல சறுக்கினா அரை, ரெண்டுல சறுக்கினா பூஜ்யம்.

முதல்ல எழுத்து வழக்கு. முதல் வரி "எங்கள் பகுதியில் வசிக்கும் பொதுமக்கள்"னு கம்பீரமா ஆரம்பிக்கும், நாலாவது வரியில "தண்ணி வரவே மாட்டேங்குது"ன்னு இறங்கிடும். இது ரொம்ப சகஜம், மனப்பாடம் பண்ண வரி முடிஞ்சு சொந்த வரி ஆரம்பிக்கற இடம் அது. ஒரே ஒரு சொல் சறுக்கினா நான் விட்டுடுவேன், ரெண்டு மூணு வரி அப்படி போனாத்தான் அரை குறைப்பேன்.

அடுத்தது அளவு. "தங்கள் பொற்பாதங்களில் விழுந்து வணங்கி"ன்னு எழுதறாங்க, "தெய்வமே நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்"னு எழுதறாங்க. வீட்ல தாத்தா காலத்துல மனு எழுதி குடுத்த பழக்கம் அது, பசங்க மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா குடிமகன் தன்னோட உரிமையை கேக்கற இடம் இது, கெஞ்சல் வேணாம், "மதிப்பிற்குரிய ஐயா", "கேட்டுக்கொள்கிறேன்" இதுவே போதுமான மரியாதை. இதுக்கு எதிர்பக்கம் "அன்புள்ள ஐயா" இருக்கு. அன்புள்ளங்கறது அத்தைக்கும் நண்பனுக்கும் எழுதறது, உறவுமுறை கடிதத்தையும் அலுவலக கடிதத்தையும் ஒரே வாரத்துல நடத்தினா இந்த குழப்பம் கண்டிப்பா வரும்.

மூணாவது, எழுதறவர் எந்த இடத்துல நின்னு கேக்கறாருங்கறது. "மூன்று நாள்களில் சரிசெய்யாவிட்டால் சாலை மறியல் செய்வோம்"னு ஒரு வரி. நம்ம ஊர்ல காலி குடத்தோட ரோட்ல உக்கார்றதை பசங்க பாக்கறாங்க, அதை எழுதறாங்க. கேள்வி "வேண்டுகோள்" கேக்கும்போது மிரட்டல் வந்தா நோக்கமே மாறிடுது, அதனால அதுக்கு தொனில அரை குறைப்பேன். ஆனா "ஏற்கெனவே இரண்டு முறை ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தும் பலனில்லை"ன்னு எழுதினா அது மிரட்டல் கிடையாது, அது தகவல், ரொம்ப நல்ல தகவல். சில டீச்சருங்க இதையும் திமிர்னு நினைச்சு குறைக்கறாங்க, தயவு செஞ்சு குறைக்காதீங்க. முறையீட்டுக்கு உறுதி வேணும்.

"ஐயா/அம்மா"ன்னு ரெண்டையும் போட்டா தப்பா?

தப்பில்ல. அந்த நாற்காலில ஆணா பெண்ணா யார் இருக்காங்கன்னு பையனுக்கு எப்படி தெரியும்.

பொருள் வரில என்ன எழுதினா அரை மார்க், என்ன எழுதினா இல்ல?

"பொருள்: குடிநீர்"னு எழுதினா எங்க முறைல அந்த கட்டுக்கான அரை கிடையாது. "பொருள்: கடிதம் எழுதுதல்"னு எழுதறவங்களும் உண்டு. ஆபீஸ்ல தபால் பிரிக்கறவர் பொருள் வரியை மட்டும் பாத்துத்தான் எந்த செக்ஷனுக்கு அனுப்பணும்னு முடிவு பண்ணுவார், அதனால அதுல எதை பத்தியும் இருக்கணும், என்ன வேணும்னும் இருக்கணும். "குழாயை மாற்றித் தர வேண்டுதல்", "தரமற்ற உணவு குறித்து நடவடிக்கை கோருதல்" இப்படி. கடைசில "சார்பாக"ன்னு போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, அதுக்கு மார்க் கிடையாது.

ஒரு சின்ன சோதனை பசங்களுக்கு சொல்லி குடுப்பேன், பொருள் வரியை மட்டும் பக்கத்து பெஞ்ச் பையன் கிட்ட படிச்சு காட்டு, அவன் "சரி, என்ன பண்ணணும்?"னு திருப்பி கேட்டா அந்த வரி பத்தல.

பெறுநரை தப்பா போட்டுட்டான், கலெக்டருக்கு எழுதிட்டான். முழுசா அடிச்சுடலாமா?

கேள்வியில யாருக்குன்னு சொல்லியிருந்தா அவருக்குத்தான் எழுதணும். மாத்தி எழுதினா அமைப்புல முதல் அரை போகும், அவ்வளவுதான், மத்ததை வழக்கம்போல திருத்துங்க. நம்ம ஊர்ல திங்கக்கிழமை குறைதீர் நாள்னா எல்லாரும் கலெக்டர் ஆபீஸ்தான் போறாங்க, பையன் கைக்கு அதுதான் வந்திருக்கு.

கேள்வியில "உரிய அலுவலருக்கு"ன்னு மட்டும் இருந்தா ஏத்துக்கற மாதிரி யாரை போட்டாலும் சரி. தெருவிளக்கு எரியலைன்னு ஒரு கேள்வி பாடப்புத்தகத்துலயே இருக்கு, மின்வாரிய அலுவலருக்கு எழுத சொல்லி. நிஜத்துல கிராமத்துல கம்பம் மின்வாரியத்தோடது, பல்பு மாத்தறது ஊராட்சி. ஒரு பையன் விவரமா ஊராட்சித் தலைவருக்கு எழுதினா என்ன பண்றது? கேள்வியே மின்வாரியம்னு சொல்லிட்டா நான் அந்த அரையை குறைச்சுட்டு அவனை கூப்பிட்டு "நீ சொன்னதுதான் நிஜம், ஆனா பரீட்சைல கேள்விப்படி எழுது"ன்னு சொல்லிடுவேன். கேள்வி திறந்து இருந்தா முழு அரை.

அனுப்புநர்ல சொந்த பேரும் ஸ்கூல் பேரும் எழுதலாமா?

பப்ளிக்ல எழுதவே கூடாது, விடைத்தாள் யாருதுன்னு திருத்தறவருக்கு தெரியக்கூடாதுங்கறதுக்காக. கேள்வியில ஒரு பேரும் முகவரியும் குடுத்திருந்தா அதை அப்படியே எழுதணும். குடுக்கலைன்னா அ.அ.அ.ன்னு போட்டுக்கலாம். ஸ்கூல் டெஸ்ட்ல எழுதினா மார்க் குறைக்க மாட்டேன், ஆனா வட்டம் போட்டு வைப்பேன், அப்பத்தான் மார்ச் மாசம் கை தானா அங்க போகாது.

முகவரில ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு வரணும். பெறுநர் பென்னாகரம்னா 636810. பின்கோடு தப்பா எழுதினா குறைக்க வேணாம், எழுதாம விட்டாலும் எழுதிக் காட்டுங்க, அதுக்கு மேல வேணாம்.

உறைமேல் முகவரியை மறந்துட்டா ஒரு மார்க் போயிடும்னு பசங்க பயப்படறாங்க, நிஜமா?

எங்க பிரிப்புல அரைதான், அதுவும் கீழ் கட்டு மொத்தத்துக்கும் சேர்த்து அரை. கடைசி அஞ்சு நிமிஷத்துல எழுதறதால மறக்கறாங்க. பெறுநர் எழுதி முடிச்ச கையோட பக்கத்தின் அடில பென்சில்ல ஒரு கட்டம் போட்டு வச்சுட்டு மேல வந்து எழுதுங்கன்னு சொல்லி குடுத்தேன், காலி கட்டம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்ல, அதுக்கு அப்புறம் மறக்கறது குறைஞ்சுது. கட்டத்துக்குள்ள பெறுநருக்கு பதிலா அனுப்புநர் முகவரி எழுதினா தப்பு, அந்த கவர் திரும்ப அவன் வீட்டுக்கே வரும்.

இடம், நாள் எது மேல எது கீழங்கறதுல குறைக்காதீங்க. பக்கத்து இங்கிலீஷ் கிளாஸ்ல ஒரு மாதிரி, நம்ம கிளாஸ்ல ஒரு மாதிரி சொல்லி குடுக்கறோம், பையன் என்ன பண்ணுவான்.

கேள்வியில இல்லாத விவரத்தை கற்பனையா சேர்த்து எழுதறாங்களே, ஏத்துக்கணுமா?

ஏத்துக்கணும், சொல்லப்போனா அதுக்குத்தான் மார்க்கே. 60 வீடு, 10 நாள், மாரியம்மன் கோயில் இதெல்லாம் கேள்வியில கிடையாது. கேள்விக்கு முரணா போகக்கூடாது, அது ஒண்ணுதான் எல்லை. குழாய் உடைஞ்சுதுன்னு கேட்டா மோட்டார் ரிப்பேர்னு எழுதினா "எதுல பிரச்சனை"ங்கற அரை போயிடும்.

கேள்வியில இருக்கற வரியை அப்படியே எடுத்து எழுதினா அதுக்கு உண்டான அரை உண்டு. "குழாய் உடைந்ததால் குடிநீர் வரவில்லை"ன்னு கேள்வியில இருக்கு, அதோட எந்த தொட்டின்னு ஒரு அடையாளம் சேர்த்தா எங்க, எதுங்கற அரை வந்துடும்.

கைடுல இருக்கற கடிதத்தை மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கா, எப்படி கண்டுபிடிக்கறது? மார்க் உண்டா?

தலைப்புக்கு பொருந்தினா முழு மார்க், மனப்பாடம் பண்றது குத்தம் கிடையாது. பொருந்தலைன்னா எப்படி தெரியும்னா, பெறுநரும் பொருளும் கேள்விப்படி இருக்கும், நடு பத்தி மட்டும் வேற ஊருக்கு போயிடும். ஒரு தடவை நாளிதழ் பொங்கல் மலருக்கு கட்டுரை வெளியிட சொல்லி ஆசிரியருக்கு எழுதற கடிதத்தை படிச்சுட்டு வந்த பொண்ணு, உணவு தரமில்லைன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுத வேண்டிய இடத்துல அதே பத்தியை எழுதி "எனவே இதனை வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்"னு முடிச்சிருந்தா. அமைப்புக்கு ஒன்றரை, மொழிக்கு அரை, நோக்கம் பூஜ்யம். தொனிக்கு யோசிச்சேன், மரியாதை இருக்கு, எழுத்து வழக்கு இருக்கு, ஆனா முறையீடு செய்யற ஆளா நிக்கல, அரை போட்டேன். ரெண்டரை. அந்த உணவு கேள்வியில "உரிய சான்றுகளுடன்"னு ஒரு சொல் இருக்கு, அதை முக்கால்வாசி பேர் தாண்டி போயிடறாங்க. பில் நம்பர், சாப்பிட்ட தேதி, ரசீது நகல் இணைச்சிருக்கேன்னு ஒரு வரி, இதுல ஏதாவது வரணும். இந்த கேள்விக்கு நோக்கத்துல "எப்ப இருந்து"ங்கற அரையை நான் அந்த சான்றுக்குத்தான் வச்சுக்குவேன், சான்று வரலைன்னா அந்த அரை கிடையாது.

எழுத்துப்பிழைக்கு எவ்வளவு குறைக்கறது? எங்க பக்கம் வீட்ல தெலுங்கு, கன்னடம் பேசற பசங்க நெறைய

மொழிக்குன்னு அரை இருக்கு, அதுக்குள்ளயே முடிச்சுக்கோங்க. அஞ்சு ஆறு பிழை வரைக்கும் நான் தொட மாட்டேன், படிக்கவே தடங்கலா இருந்தா அரையை எடுப்பேன். ஓசூர், தளி பக்கம் இருந்து மாறி வந்த டீச்சர் ஒருத்தங்க சொன்னது, ழ-ளவும் ற-ரவும் மாறி வர்றதுக்கெல்லாம் குறைச்சா கிளாஸ்ல பாதி பேருக்கு எப்பவும் அரை போயிடும், கடிதம் எழுத தெரிஞ்சிருந்தும்.

முக்கியமா, ஒரே தப்புக்கு ரெண்டு எடத்துல குறைக்காதீங்க. "தண்ணி வரல"ன்னு எழுதினதுக்கு தொனில குறைச்சாச்சுன்னா மொழில மறுபடி கை வைக்காதீங்க. மேல ரெண்டாவது பேப்பருக்கு மொழி அரையை நான் அப்படியே விட்டது அதனாலதான்.

மின்னஞ்சல் எழுத சொன்னா அதே ஃபார்மட்டா?

இல்ல. கிளாஸ் டெஸ்ட்ல நாங்க மின்னஞ்சலும் வைக்கிறோம், பசங்க அப்பவும் உறைமேல் முகவரி வரைக்கும் எழுதிடறாங்க. மின்னஞ்சல்ல இடம், நாள், உறை எதுவும் வேணாம், தேதி தானா பதிவாகும். மேல To வரில மின்னஞ்சல் முகவரி, Subject வரில பொருள், அப்புறம் விளிப்பு, செய்தி, இப்படிக்கு, பேர். அமைப்புக்கு அதே ஒன்றரை, To ஒரு அரை, Subject-உம் விளிப்பும் ஒரு அரை, முடிப்பும் பேரும் ஒரு அரை. To வரில @ இருக்கணும், நடுவுல இடைவெளி இருக்கக்கூடாது, முகவரி கற்பனையா இருந்தா பரவால்ல.

இங்க ஒரு பொறி இருக்கு. கடிதத்துல அனுப்புநர் முகவரியை வச்சு எந்த ஊருன்னு அதிகாரிக்கு தெரிஞ்சுடும், மின்னஞ்சல்ல அந்த வரியே இல்ல. அதனால ஊர், ஊராட்சி, ஒன்றியம் பேர் செய்திக்குள்ள வரணும், இல்ல கீழ பேருக்கு அடில வரணும். ஊர் பேர் இல்லாம "எங்கள் ஊரில்"னு எழுதி எந்த தொட்டின்னு சொல்லியிருந்தா கடிதத்துல ஏத்துக்கலாம், மின்னஞ்சல்ல "எங்க"ங்கற அரையை குடுக்க மாட்டேன். உறைமேல் முகவரி சேர்த்து எழுதினதுக்கு குறைக்க வேணாம், அடிச்சு விட்டா போதும்.

தொனி மட்டும் மாறாது. செல்லுல அனுப்பறதுங்கறதால "ஹாய் சார்", "ப்ளீஸ் கொஞ்சம் பாருங்க"ன்னு வரும். அனுப்பற வழி மாறினாலும் வாங்கறவர் அதே அலுவலர்தான்.

நானும் பக்கத்து டீச்சரும் ஒரே பேப்பருக்கு வேற வேற மார்க் போடறோம், என்ன பண்றது?

திருத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு பேப்பரை எடுத்து ரெண்டு பேரும் தனித்தனியா, பேப்பர் மேல எழுதாம, துண்டு சீட்டுல மார்க் போடுங்க. மொத்தத்தை மட்டும் போடாதீங்க, அமைப்பு நோக்கம் தொனி மொழின்னு நாலையும் பிரிச்சு போடுங்க. அரை வித்தியாசம் வந்தா விடுங்க. ஒண்ணோ அதுக்கு மேலயோ வந்தா எந்த கட்டத்துல வித்தியாசம்னு பாருங்க. எங்களுக்கு வந்த சண்டை எல்லாமே தொனிலதான் வந்தது, "மனு கொடுத்தும் பலனில்லை"ங்கற வரிக்கு அவங்க அரை குறைச்சாங்க, நான் குறைக்கல. அந்த வரியை எப்படி எடுத்துக்கறதுன்னு ஒரு தடவை பேசி முடிவு பண்ணதும் மீதி பேப்பர்ல வித்தியாசமே வரல.

இன்னொரு பழக்கம், நோக்கத்தை முதல்ல திருத்துங்க, அமைப்பை கடைசில. அழகான கட்டத்தையும் கையெழுத்தையும் முதல்ல பாத்துட்டா நடு பத்தியை படிக்கறப்ப மனசு ஏற்கெனவே நாலரைல நின்னுடுது.

எம்பொண்ணு ரெண்டு பக்கம் எழுதியிருக்கா, அவளுக்கு மூணு. ஒரு பக்கம் எழுதின பையனுக்கு நாலரை. இது என்ன நியாயம்ங்க?

அம்மா, பேப்பரை பக்கத்துல வச்சு உக்காந்து பாக்கலாம் வாங்க. உங்க பொண்ணு முதல் பக்கம் பூரா தண்ணியோட பெருமையை எழுதியிருக்கா, மழை, ஆறு, பயிர் எல்லாம் இருக்கு, கட்டுரையா இருந்தா நல்ல மார்க். ரெண்டாவது பக்கத்துல ஏழாவது வரியிலதான் குழாய்ங்கற வார்த்தையே வருது. அதுல "அடிக்கடி"ன்னு எழுதியிருக்கா, எத்தனை நாளான்னு இல்ல. அந்த பையன் முதல் வரியிலயே எந்த டேங்க், எத்தனை நாள்னு சொல்லிட்டான், நாலாவது வரியில என்ன வேணும்னு கேட்டுட்டான், அரை போனது இடம் நாள் எழுதாததால. உங்க பொண்ணுக்கு நான் செய்ய சொன்னது ஒண்ணுதான், அடுத்த தடவை எழுதறதுக்கு முன்னாடி உங்க தெருவுல குழாய் நின்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல போய் நீங்க வாயால என்ன சொல்லுவீங்கன்னு உங்களை கேட்டுட்டு வர சொல்லியிருக்கேன். நீங்க சொல்றதை அவ எழுத்து வழக்குல மாத்தி எழுதட்டும், வியாழக்கிழமை கொண்டு வர சொல்லுங்க, நான் பாத்து தர்றேன்.